சுவரில் தொங்கிய விடைகள்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் "மறுபடி டீச்சர்". முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் காதுக்கு வராமல் போகுமா? வந்தது. கோபப்படுவாள் என்று எல்லோரும் காத்திருந்தால், "சரியாத்தானே வச்சிருக்கீங்க, மறுபடி ஒரு தடவை சத்தமா சொல்லுங்க" என்றாள். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நடத்தியதையே மறுபடி மறுபடி கேட்கும் குணம் அவளுக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. முந்தின வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சி நடத்தினாள். எல்லோரையும் போல இரண்டே பீரியடில் முடித்தாள். வாரக் கடைசியில் வைத்த பரீட்சையில் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில், வராந்தாவில் ஒதுங்கி நின்ற அதே பிள்ளைகளிடம், மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்று சும்மா கேட்டு வைத்தாள். ஒருத்தன் புகை என்றான். ஒருத்தி பஞ்சு என்றாள். மூன்றாவது பிள்ளை ரொம்ப மரியாதையாக, "அது எப்ப டீச்சர் நடத்துனீங்க?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி அவளைச் சும்மா விடவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் ருசிக்கவில்லை. நடத்தினோம், மார்க் வாங்கினார்கள், காற்றில் போய்விட்டது. அப்படியென்றால் நடத்தியதற்கு என்ன அர்த்தம்?

விடுமுறையில் உட்கார்ந்து புதிதாகத் திட்டம் போட்டாள். ஐந்து வகுப்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வகுப்பில் நீர் ஆவியாவது. இரண்டாவதில் ஆவி குளிர்ந்து துளியாவது. மூன்றாவதில் துளிகள் சேர்ந்து மழையாவது. நான்காவதில் விழுந்த மழை எங்கே போகிறது: ஓடுவது, மண்ணுக்குள் இறங்குவது, செடி உறிஞ்சி இலை வழியாக விடுவது. ஐந்தாவதில் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போடுவது. இதில் புதுசு எதுவும் இல்லை. புதுசு எங்கே என்றால், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பழைய பாடத்திலிருந்து கேள்வி. போன வகுப்புப் பாடத்தில் ஒன்று, அதற்கு முந்தினதில் ஒன்று, போன பருவத்தில் படித்த திட, திரவ, வாயுவிலிருந்து ஒன்று. மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்து மறுபடி கேட்பது. எல்லாப் பிள்ளையும் சிலேட்டில் எழுத வேண்டும், பிறகுதான் யாரும் வாய் திறக்கலாம். உடனே சரியான விடை சொல்லிவிட வேண்டும், பிள்ளையே திருத்திக்கொள்ள வேண்டும். மார்க் கிடையாது.

தலைமையாசிரியை திட்டத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். மற்ற பிரிவெல்லாம் இரண்டு பீரியடில் முடிக்கும்போது இங்கே மட்டும் ஐந்து எதற்கு என்று கேட்டார். அவள் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பாடம் முடிந்து சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வருவார், அவரே கேள்வி கேட்பார். பிள்ளைகள் மற்ற பிரிவைவிடத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அறிவியல் பக்கத்து வகுப்பு டீச்சருக்குப் போகும். இவளுக்குக் கையெழுத்தும் கைவேலையும்.

அறிவியல் பீரியடுக்காகத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் "சரிங்க மேடம்" என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மனைவியின் அறிவியல் பீரியட் பறிபோகப் பார்க்கிறது என்று கேட்டதும் சும்மா இருப்பாரா? துணியில் ஒரு பெரிய படம் வரைந்து கொடுத்தார். நீலக் கடல், மேலே எழும்பும் அம்புக்குறி, கொழுத்த மேகம், மலை மேல் சாய்வாக மழை, இறங்கி ஓடும் ஆறு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அச்சுப் போட்டது போன்ற எழுத்தில் விளக்கம். சும்மா சொல்லக் கூடாது, கடைத்தெருவில் மாட்டினால் கூட்டம் கூடும். அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

முதல் மூன்று வகுப்பும் அமோகம். முற்றத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, அது சுருங்குவதைப் பார்க்க வைத்தாள். சிவப்புச் சாயம் கலந்த பனிக்கட்டித் தண்ணீரை டம்ளரில் மூடி வைத்து, வெளியே வியர்த்த துளியைத் துடைத்துக் காட்டினாள். துளியில் சிவப்பு இல்லை. உள்ளேயிருந்து கசியவில்லை, காற்றில் இருந்த ஆவிதான் குளிர்ந்து ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். பழைய கேள்விகளுக்கோ சிலேட்டெல்லாம் சரியான விடை. முன்வரிசையில் ஒருத்தி இருந்தாள், கேள்வி முடியும் முன்பே சிலேட்டைத் தூக்குகிறவள். வகுப்பே அவளை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடும். டீச்சர் வீட்டுக்குப் போய் அவளைப் பற்றியே பேசித் தீர்த்தாள்.

நான்காவது வகுப்பு அன்று காலையில் பார்த்தால் சுவர் மொட்டை. வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள், மாட்டியிருந்ததை எல்லாம் கழற்றி ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனால் போகட்டும் என்று அவள் வழக்கம் போலத் தொடங்கினாள். நீராவி மேலே போய்க் குளிர்ந்தால் என்ன ஆகும்? எழுதுங்கள்.

யாரும் எழுதவில்லை. பிள்ளைகள் வெறும் சுவரையே பார்த்தார்கள். முந்திரிக்கொட்டையின் சிலேட்டில் ஒரு எழுத்தும் இல்லை.

"என்னம்மா, உனக்குமா தெரியலை?"

"படம் இல்லையே டீச்சர்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வகுப்பாக இந்தப் பிள்ளைகள் எதையும் நினைவிலிருந்து எடுக்கவே இல்லை. சுவரைப் பார்த்து எழுதினார்கள். அவள் சோதித்தது பிள்ளைகளின் கண்ணை. மறதியோடு சண்டை போடக் கிளம்பியவள், விடையைத் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டி வைத்திருந்தாள். இப்படி ஒரு கூத்து உண்டா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அதைவிடத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று புதுப் பாடத்தைப் பாதிக்குக் குறைத்தாள். மீதி நேரம் முழுக்கப் பழையதுதான். தெரிந்ததை எழுதச் சொன்னாள், தவறானாலும் பரவாயில்லை என்றாள். எழுதிய பிறகு விடையைச் சொன்னாள். பிறகு மண்ணிலும் சிமெண்டிலும் தண்ணீர் ஊற்றி, எது உள்ளே இறங்குகிறது, எது வழிந்து ஓடுகிறது என்று மட்டும் காட்டி, இலைக் கொத்தில் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் துளி கோத்திருப்பதைக் காட்டி முடித்தாள்.

ஆசிரியர் அறையில் பக்கத்து வகுப்பு டீச்சர் டீயை நீட்டினாள். வயதில் மூத்தவள், மனசு நல்லது. "நீ ஏன் இப்படி மண்டையை உடைச்சுக்கறே? படத்தை மறுபடி மாட்டிடு. மேடம் வர்றப்ப பிள்ளைங்க பார்த்துச் சொல்லிட்டுப் போகுது. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேக்கா."

"உன்னைக் கையெழுத்துக்கு மாத்தினா அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து. மாட்டாமல் வைக்கவா விடிய விடிய வரைந்தேன் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாட்டத்தான் போகிறேன், ஆனால் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு என்று அவள் சொன்னது அவருக்குச் சமாதானமாகவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவளும் இறங்கி வரவில்லை.

ஐந்தாவது வகுப்பை அடித்துத் திருத்தி எழுதினாள். தொடக்கத்தில் நான்கு பாடத்திலிருந்தும் கேள்வி, ஒவ்வொன்றும் வேறு வார்த்தையில், மொட்டைச் சுவருக்கு எதிரில். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துளியாக மாறித் தான் போன வழியைச் சொல்ல வேண்டும். ஒருத்தன் கிணற்றடியில் ரொம்ப நாள் கிடந்தேன் என்றான். ஒருத்தி செடிக்குள் ஏறி இலை வழியாக வெளியே வந்தாள். முந்திரிக்கொட்டை மேகம்வரை வேகமாகப் போய், அங்கே மாட்டிக்கொண்டு நின்றாள். எல்லாத் துளியும் மலைக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நிறைய மழை கடலிலேயே விழுந்துவிடுகிறது என்று டீச்சர் எடுத்துக்கொடுத்ததும், "அப்ப நான் போன வழியே திரும்பிட்டேன்" என்று உட்கார்ந்தாள்.

அடுத்த பாடம் மண் வகைகள். அதிலும் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் தண்ணீரிலிருந்து ஒரு கேள்வி வைத்தாள். பிள்ளைகள் முனகினார்கள். மறுபடி டீச்சர் அசையவில்லை. சிலேட்டுகளில் மெல்ல மெல்ல எழுத்து வந்தது. எல்லாம் சரியில்லை, ஆனால் எல்லாம் அவர்களுடையது.

ஒரு நாள் காலையில் தலைமையாசிரியை வந்து நின்றார். கையில் சுருட்டிய துணி. "இது உங்க படம்தானே? என் ரூம்லேயே கிடக்குது. மாட்டிட்டு ஆரம்பிக்கலாமா?"

பழைய ஆணி அங்கேயே இருந்தது. வாசல் பக்கம் போன பக்கத்து வகுப்பு டீச்சர், மாட்டு மாட்டு என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அவள் படத்தை வாங்கி, ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தாள். அறிவியல் பீரியட் அந்தத் துணியில்தான் சுருண்டு கிடந்தது. பிறகு படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, வெறும் முதுகு தெரியும்படி மாட்டினாள்.

"ஏன் இப்படி?" என்றார் தலைமையாசிரியை.

"பார்த்து எழுதிடுவாங்க மேடம். நீங்க கேளுங்க."

அவர் சளைத்தவரா? புத்தகத்தில் இல்லாத கேள்வியாகக் கேட்டார். அன்றைக்குச் சுவரில் அடித்த வெள்ளை மறுநாளே காய்ந்துவிட்டது, அதிலிருந்த தண்ணீர் எங்கே? மேகம் ஆவியா, துளியா? கிணற்றில் தண்ணீர் எப்படி வந்தது? சிலேட்டுகள் மேலே வர நேரம் ஆனது. அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்து படித்தார். சிலர் தப்பாக எழுதியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மேகத்தை இன்னும் ஆவி என்றே நம்பினான். ஆனால் பெரும்பாலான சிலேட்டில், அவரவர் வார்த்தையில், சரியான விடை இருந்தது. இதே கேள்விகளை அவர் முன்பே கேட்டுவிட்டு வந்த பக்கத்து வகுப்பில் இவ்வளவு கிடைக்கவில்லை என்று அவர் முகமே சொன்னது.

"இப்ப திருப்பலாமா?" என்று அவரே கேட்டார்.

டீச்சர் படத்தைத் திருப்பினாள். பிள்ளைகள் தங்கள் சிலேட்டைப் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். கடைசி வரிசைக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்து எழுதினான். முந்திரிக்கொட்டை மட்டும் சிலேட்டைப் பார்க்கவில்லை. படத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள், இந்தத் தடவை மெதுவாக.

"டீச்சர், இந்தப் படம் தப்பு. கடல் மேல மழையே பெய்யலை."

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். டீச்சரும் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த படம். மழை மலை மேல் மட்டும்தான் விழுந்தது. கடல் துளிகூட நனையவில்லை.

"அடுத்த பாடத்துக்கும் அஞ்சு பீரியட் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போய்விட்டார்.

அன்று சாயங்காலம் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இன்னும் கோபம் ஆறாமல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் முன்னால் விரித்துப் போட்டு, ஒரு பிள்ளை கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தூரிகையை எடுத்து வந்தார்.