மூடப்பட்ட புகார்

தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் புகார்களைப் படித்து, சோதித்து, புரோகிராமரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புரோகிராமருக்கோ காது கொஞ்சம் மந்தம். அதாவது, தனக்குப் பிடிக்காதது மட்டும் கேட்காது.

புகார்களுக்கென்று அவரே ஒரு ஏற்பாடு எழுதியிருந்தார். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் உண்டு. விவரம் போதவில்லை என்றால் அதைத் 'தகவல் தேவை' என்ற நிலைக்கு மாற்றுவோம். அந்தக் கணமே, என்ன தகவல் வேண்டும் என்று புகார் கொடுத்தவருக்கு மின்னஞ்சல் போகும். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் தானாகவே நினைவூட்டல் போகும். பதினைந்தாம் நாளும் பதில் இல்லையென்றால் புகார் தானாக மூடிக்கொள்ளும். பதிலின் தலைப்பில் அந்த எண் இருந்தால்தான் இயந்திரம் அதைப் புகாரோடு சேர்க்கும். மூடிய பிறகும் எண்ணோடு ஒரு பதில் வந்தால் புகார் மறுபடி திறந்துகொள்ளும். கச்சிதமான வேலை என்று அவருக்கு ஏகப் பெருமை. ஒரு போன் போட்டுக் கேட்டால் ஆகாதா என்று நான் கேட்டபோதெல்லாம், அதுக்குத்தானுங்க அம்மணி மிஷின் இருக்குது என்று வாயை அடைத்துவிடுவார்.

மதுக்கரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளை வைத்திருந்தது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிஸ்டர், கன்னியாஸ்திரீ. கணினி சில நேரம் ஒருவருடைய ரத்தவகையை இன்னொருவர் பெயரில் அச்சடிக்கிறது என்று அவர் புகார் எழுதியிருந்தார். படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்து அதை எடுத்துக்கொண்டோம். நானும் புரோகிராமரும் மாறி மாறி முயன்றோம். எங்கள் கணினியில் ஒருமுறைகூடத் தப்பு வரவில்லை. அச்சடிக்கும்போது நடுவில் ஏதாவது தடங்கல் ஏற்பட்டதா என்று கேட்டு 'தகவல் தேவை' போட்டார் புரோகிராமர். பிறகு வேறு வேலைகள் எங்களை விழுங்கிவிட்டன.

ஒருநாள் காலை என் திரையில் அந்தப் புகார் மறுபடி திறந்து கிடந்தது. கீழே சிஸ்டரின் வரிகள். பழுதைச் சரிசெய்து கொடுத்ததற்கு நன்றி, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார், இத்தனை நாள் ரத்தவகையைக் கையால் எழுதிக் கொடுத்துவந்தோம், உங்கள் கடிதம் கண்டபின் கணினியிலேயே அச்சடிக்கத் தொடங்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

நாங்கள் எதையும் சரிசெய்யவில்லை. எந்தக் கடிதம் என்று தேடினேன். பதினைந்தாம் நாள் இயந்திரம் தானாக அனுப்பியது அது. 'உங்கள் புகார் மூடப்பட்டது. நன்றி.' அவ்வளவுதான். பதில் வராததால் மூடப்பட்டது என்ற காரணத்தை எங்கள் திரையில் மட்டும் எழுதி வைத்திருந்தது.

புரோகிராமரை இழுத்து வந்து காட்டினேன். பதிலே போடாமல் நன்றி மட்டும் எப்படிச் சொல்லுவாங்க என்றார் அவர். எண் இல்லாமல் வரும் கடிதங்கள் போய் விழும் பெட்டி ஒன்று இருந்தது, விளம்பரக் குப்பைதான் என்று யாரும் திறப்பதில்லை. திறந்தோம். சிஸ்டரின் கடிதங்கள் மூன்று கிடந்தன. எண்ணை வெறுமனே தலைப்பில் வைத்து எழுதுவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மூன்றிலும் அதை அழித்துவிட்டு 'ஐயா அவர்களுக்கு வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். பிரிண்டரில் காகிதம் தீர்ந்து, புதுக் காகிதம் போட்டு அச்சைத் தொடர்ந்தால், முந்தைய ஆளின் ரத்தவகை வருகிறது என்று மூன்று முறையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். நன்றிக் கடிதத்தில் மட்டும்தான், எங்கள் கடைசிக் கடிதத்துக்கு அப்படியே பதில் அடித்து, எண்ணை விட்டுவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். எங்கேஜ்டு. திரும்பவும் போட்டோம். எங்கேஜ்டு. எனக்கு வந்த கோபத்துக்கு ரிசீவரை உடைத்திருப்பேன். புரோகிராமருடைய ஸ்கூட்டரில் ஏறினோம். உக்கடம் குளத்தோரம் பஸ்ஸும் லாரியும் வழியை அடைத்து நின்றன. பின்னால் உட்கார்ந்து அத்தனை டிரைவர்களையும் மனதுக்குள் வைதுகொண்டே போனேன்.

சிஸ்டர் ஒல்லியான, வயதான அம்மாள். பழுது சரியாகவில்லை என்று சொன்னோம். ஒரு கேள்வியும் கேட்காமல் கூடத்துப் பதிவேட்டை எடுத்து, எங்கள் கடிதம் வந்த பிறகு அச்சான ஒவ்வொரு அறிக்கையையும் ஒப்பிட்டார். எல்லாம் சரியாக வந்தன, ஒன்றைத் தவிர. முந்தாநாள் பிரசவமான ஒரு பெண். பதிவேட்டில் ஓ நெகட்டிவ். அறிக்கையில் ஓ பாசிட்டிவ்.

குழந்தை பாசிட்டிவ் என்றார் சிஸ்டர். எங்களுக்குப் புரியவில்லை, அவரே விளக்கினார். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான மூன்று நாளைக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அடுத்து வயிற்றில் வரும் குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அதன் ரத்தத்தைத் தாயின் உடம்பே அழிக்கத் தொடங்கிவிடும். பாசிட்டிவ் என்று அச்சாகி இருந்ததால் யாரும் ஊசியைப் பற்றி நினைக்கவில்லை. அந்தப் பெண் அன்று காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தாள். சோமனூர்.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லி, ஐஸ் பெட்டியில் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜீப்பில் கிளம்பினோம். நர்ஸ் ஒருவரும் சிஸ்டரும் முன்னால். நானும் புரோகிராமரும் பின்னால். அந்தப் பெண் புருஷன் வீட்டுக்குப் போகாமல் வேறெங்காவது போயிருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு என்னைத் தின்றது. அதைச் சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம் வேறு.

சோமனூரில் விலாசம் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. தறிச் சத்தத்தில் நாங்கள் கேட்டதும் யாருக்கும் காதில் விழவில்லை, பதில் சொன்னவர்களின் குரலும் எங்களுக்கு எட்டவில்லை. கடைசியில் ஓர் ஆள் கையைக் காட்டினார். உள்ளே கட்டிலில் அவள் படுத்திருந்தாள், பக்கத்தில் குழந்தை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டர் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். ரத்தம் தப்பா எழுதிப்போட்டோம், மன்னிச்சுக்குங்க, இந்த ஊசி போட்டாச் சரியாப் போயிரும் என்றார். அவள் புருஷன் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். இவங்க யாருங்க என்று கேட்டான். கம்ப்யூட்டர்க்காரங்க என்று மட்டும் சொன்னார் சிஸ்டர். நர்ஸ் ஊசி போட்டாள். குழந்தை தூக்கத்திலேயே கொட்டாவி விட்டது.

திரும்பும்போது சிஸ்டர் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப் கிளம்பியதும் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஆபீஸ்ல 'மூடப்பட்டது'ன்னா என்னங்க அர்த்தம்?"

புரோகிராமர் சொல்வார் என்று பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நாங்க காத்திருக்க மாட்டோம்னு அர்த்தங்க சிஸ்டர்."

அவர் தலையை ஆட்டினார். குரலில் துளிக் கோபம் இல்லை.

"அதையே எழுதியிருக்கலாமே கண்ணு. நான் கையிலயே எழுதிக் குடுத்துட்டு இருந்திருப்பேன்."