கைக்குப் பின்னால் தெரிந்த வயிறு

கடமை முடிந்து வைத்தியசாலைப் படியிறங்கும்போது வட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. கொடிகாமத்தில் தோட்டம் செய்யும் ஒருவரைக் குளவி கொட்டிவிட்டதென்று அவரின் மனைவி அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் சுண்ணாம்பு பூசிய, வீங்கிய கை. கொட்டிய இடம் வீங்கத்தான் செய்யும். கைக்குப் பின்னால் தெரிந்த வயிற்றில்தான் தடிப்புத் தடிப்பாய் எழும்பியிருந்தது. சலிப்போடு அழைத்தேன்.

“வயித்திலை என்ன?”

“உது வேர்க்குரு, டொக்டர். கையைப் பாருங்கோ.”

“மூச்சு?”

“கொஞ்சம் இழுக்குது. பயத்திலை போல.”

பயமல்ல, உடம்பெங்கும் பரவிய ஒவ்வாமை. அம்புலன்ஸை அனுப்பிவிட்டு மறுபடி படியேறினேன். அவர் வந்து இறங்கியதும் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டோம். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் வார்ட்டில் என்னைக் கண்டதும் கையை நீட்டினார்.

“இதை ஒருத்தரும் பாக்கேல்லை, டொக்டர்.”