பேலன்ஸ் இருக்கா பாருங்க

கஸ்தூரியைப் பற்றிக் கேட்டால் எங்கள் கடையில் எல்லோரும் அவளுடைய கைவேகத்தைத்தான் சொல்வார்கள். பதினோரு வருடமாகத் தார்வாட் மார்க்கெட்டில் எங்கள் புடவைக் கடையின் கல்லாவில் இருக்கிறாள். கணவன் விட்டுப் போன வருடம் வேலைக்கு வந்தவள். அதற்கப்புறம் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. நான் சொல்லப்போவது அவள் கைவேகத்தை அல்ல, ஒரு தசரா அன்று அவள் வாய் காட்டிய வேகத்தை. அப்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தராசு, கத்தரிக்கோல், என்னுடைய அளவு கோல், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கார்டு மெஷினைத் தனியாகப் பலகையில் உட்கார வைத்து, குழைத்த மஞ்சளை கார்டு சொருகும் இடத்தில் அழுத்தித் தடவி, மேலே குங்குமம் அப்பினாள்.

"என்னக்கா, கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு பூச மாட்டாங்க" என்றேன்.

"நம்ம எல்லாருக்கும் சோறு வர்ற வாய்டா இது, குருபாதா. உன் அளவு கோலா சோறு போடுது?"

மறுநாள் காலையில் கல்லப்பா மேட்டி குடும்பம் வந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ரேணுகாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு அவர் இல்கல் புடவை எடுத்துத் தர வேண்டும். கூட வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை சாவித்ரவ்வாதான் அந்தப் பக்கத்துத் தலைவி. நாற்பது புடவைகளை என்னைப் பிரிக்க வைத்து, நான் முதலில் காட்டிய புடவையையே எடுத்தாள். எனக்கு உச்சந்தலை வரை கடுப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏன் சும்மா இருந்தேன் என்று புரியும்.

கல்லப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து கார்டை எடுத்தார். கிராம வங்கிக் கார்டு. மெஷின் மேல் காட்டினாலே பணம் போகும் ரகம் இல்லை, சொருகித்தான் ஆக வேண்டும். கஸ்தூரி சொருகினாள். மெஷின் கத்தியது. புடவைத் தலைப்பில் கார்டைத் துடைத்து மறுபடி சொருகினாள். மறுபடி கத்தியது. பக்கவாட்டில் தேய்த்துப் பார்த்தாள், சிப் கார்டு, சொருகு என்று திரையில் வந்தது. பின்னால் எட்டுப் பேர் வரிசையில்.

"உங்க அக்கவுண்ட்ல பேலன்ஸ் இருக்கா பாருங்க" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

இதில்தான் பாவம் இருக்கிறது. சிப்பைப் படிக்க முடியவில்லை என்றுதான் திரையில் எழுதியிருந்தது. சிப்பையே படிக்காத மெஷின் வங்கியை எட்டியிருக்காது, பணம் இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது கஸ்தூரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நானும் திரையைப் பார்த்தேன். நாற்பது புடவை பிரித்த கடுப்பில், போகட்டும் என்று நின்றேன்.

"இருக்கு தாயி. போன வாரம்தான் பாஸ்புக் போட்டேன்" என்றார் கல்லப்பா. குரல் இறங்கிவிட்டது.

"விடுங்க சம்பந்தி, இதுக்குப் போய் கஷ்டப்படுவாங்களா" என்று சாவித்ரவ்வா போனை எடுத்துக் கல்லாவிலிருந்த க்யூஆர் அட்டைக்கு நேரே காட்டிப் பணத்தை அனுப்பினாள். தனக்கு வந்த சீர்ப் புடவைக்குத் தானே காசு கொடுத்தாள். போகிற போக்கில் தன் தங்கையிடம், "இங்கயே இப்படின்னா கல்யாணத்துக்கு என்ன பண்ணப் போறாங்களோ" என்றாள். ரேணுகா தரையைப் பார்த்துக்கொண்டே போனாள். எதிரில் இருந்த ரொட்டிக் கடைக்குச் சாப்பிடப் போனார்கள்.

அடுத்து வந்த பெண் கார்டை மெஷின் மேல் காட்டினாள். பணம் போனது, சீட்டும் வந்தது. "பாத்தியா, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கஸ்தூரி, நான் எதுவும் கேட்காமலே. அதற்கு அடுத்தவர் கார்டைச் சொருகினார். மெஷின் கத்தியது. அவர் கார்டு புத்தம் புதியது. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் புடவை மடிக்கப் போய்விட்டேன்.

முதலில் தாள் சுருளின் மூடியைத் திறந்து பார்த்தாள். சுருள் பாதிக்கு மேல் இருந்தது, தாள் தீரப்போகிறது என்று காட்டும் சிவப்புக் கோடு இன்னும் வரவில்லை, சரியான பக்கம்தான் மாட்டியிருந்தது. சிக்னல் நான்கு கோடும் நின்றது. மெஷினை அணைத்துப் போட்டாள். தன் கார்டைச் சொருகினாள். அதையும் படிக்கவில்லை. இனி மிச்சம் இருந்தது கார்டு சொருகும் அந்த வாய்தான்.

மெஷின் வந்த பெட்டியில் பிரிக்காமலே கிடந்தது சுத்தம் செய்யும் அட்டை. கார்டு அளவுதான், இரண்டு பக்கமும் ஈரத் துணி ஒட்டியிருக்கும், ஸ்பிரிட் வாசனை அடிக்கும். மெஷினை மறுபடி அணைத்து, அட்டையை நாலைந்து தடவை சொருகி எடுத்தாள். வெளியே வந்தபோது வெள்ளைத் துணி மஞ்சளாக இருந்தது. நடுவில் சிவப்புத் தீற்றல். ஈரமாகப் பூசியது இரவில் காய்ந்து, சிப்பைத் தொடும் சின்னக் கம்பிகளில் அப்பியிருந்தது. இன்னோர் அட்டையால் துடைத்து, காயவிட்டு, மெஷினைப் போட்டுத் தன் கார்டைச் சொருகினாள். உடனே ரகசிய எண் கேட்டது. ரத்து செய்தாள்.

"என் கைதான்டா" என்றாள். அந்த அட்டையைக் கீழே வைக்கவே இல்லை.

எங்கள் சாவ்கார், அதாவது முதலாளி, "பணம்தான் வந்தாச்சே, விட்டுத் தொலை. தசரா நாள்ல கல்லாவ விட்டுட்டு எங்க கிளம்பற?" என்றார்.

"அந்தம்மா அனுப்புனத திருப்பி அனுப்பிடுங்க. அவர் கார்டுல எடுத்துட்டு வரேன்."

"பைத்தியமா உனக்கு?"

"இருந்துட்டுப் போறேன்" என்று மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். சாவ்கார் முணுமுணுத்துக்கொண்டே சாவித்ரவ்வாவின் பணத்தைத் திருப்பி அனுப்பினார். எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை, கஸ்தூரியின் பின்னாலேயே போனேன்.

கல்லப்பாவின் இலையில் ரொட்டி அப்படியே இருந்தது. கஸ்தூரி அவர் பக்கத்தில் போய் மெதுவாக, "அண்ணா, மெஷின்லதான் கோளாறு. என்ன மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத என்கிட்ட ஏன் தாயி சொல்ற? பணம் இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்க சொல்லு."

கஸ்தூரி திரும்பினாள். மேசையின் அந்தக் கோடியில் சாவித்ரவ்வா. "அவர் கார்டுல ஒரு குறையும் இல்லம்மா. மெஷின் வாய்ல மஞ்சள அடைச்சவ நான். சிப் படிக்கலன்னு தெரிஞ்சும் பேலன்ஸ் இல்லாத மாதிரி பேசினதும் நான்தான்." எங்கள் கடையில் சொன்ன அதே சத்தத்தில் சொன்னாள். ரொட்டிக் கடையே திரும்பிப் பார்த்தது.

"இவனும் பாத்தான்" என்று என்னைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கல்லப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கார்டைத் தானே சொருகினார். ரகசிய எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். சீட்டு கரகரவென்று வந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை, ரேணுகாவின் கையில் கொடுத்தார். சாவித்ரவ்வா, "ஐயோ, நான் எப்பவாவது ஏதாவது சொன்னேனா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை காதில் விழுந்ததை எந்த அட்டையாலும் துடைத்து எடுக்க முடியாது.

சாயங்காலம் எல்லோரும் வன்னி இலை மாற்றிக்கொள்ளும் நேரம். சண்டை சச்சரவை மறந்து, பொன்னாக இருப்போம் என்று சின்னவர்கள் பெரியவர்களுக்குக் கொடுப்பார்கள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் கல்லப்பா கடைக்குள் வந்து, தானே முதலில் கஸ்தூரியின் கையில் இலையை வைத்தார். "பொன்னா இருக்கலாம் தாயி." அவள் அவர் காலில் விழுந்து அழுதாள். என் கையிலும் ஓர் இலை வைத்தார். அதை வாங்க எனக்கு என்ன யோக்கியதை?

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது பூஜைக்கு முந்தியே அந்த வாயில் டேப் ஒட்டிவிடுகிறாள். எங்கள் கடை மெஷினுக்கு மார்க்கெட்டில் கெட்ட பெயர். அடிக்கடி கெட்டுப்போகும் மெஷினாம். சாவ்கார் இரண்டு தடவை ஆள் வரவழைத்துப் பார்த்துவிட்டார், ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார்கள். போன வாரம் ஒருவர் கார்டைச் சொருகினார். போதிய பணம் இல்லை என்று திரையில் தெளிவாக வந்தது. நானும் பார்த்தேன். கஸ்தூரி மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எங்க மெஷின்ல கோளாறுங்க. உங்க கார்டுல ஒண்ணும் இல்ல."