காலைப் பிடிக்க ஆளில்லாத காட்சி

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த அவளை எல்லோரும் வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பது பாதிக் காரணம். குறும்படம் எடுக்க அலைபவர்கள் கொண்டுவரும் கதைத் தாள்களைச் சிவப்புப் பேனாவால் வெட்டித் தள்ளுவாள் என்பது மீதிக் காரணம். ஒரு காலத்தில் சின்ன நாடகக் கம்பெனியில் உதவி இயக்குநராக ஆறு வருஷம் இருந்தவள். கம்பெனி மூடிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்துத் தெருத் தையல்காரி ஏழு பக்கக் கதையோடு வந்தாள். தாய் இறந்த வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் கதை. படமெடுக்க ஒத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் கைவிரித்துவிட்டார்கள். இருப்பது அவளும் அவள் போனும்தான். மழை வருவதற்குள் எடுத்தாக வேண்டும்.

"நடிக்கிறதும் நான்தான், எடுக்கிறதும் நான்தான்க்கா. அதுக்குத் தக்கபடி மாத்திக் குடுங்க."

வெட்டுக்கிளி உற்சாகமாக உட்கார்ந்தாள். படியில் கேமரா அவளைப் பின்தொடர்ந்து போகும் காட்சியை அடித்துவிட்டு, போனைக் கீழ்ப்படியில் சாய்த்துவைத்து, பாதங்கள் மட்டும் கடந்து போகட்டும் என்று எழுதினாள். அண்ணன் போனில் பேசும் இடத்தில் சிக்கல் வந்தது. இருக்கிற ஒரே போன் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது எதைக் காதில் வைப்பது? அண்ணனைச் சாத்திய கதவுக்கு வெளியே நிறுத்தினாள். குரலை யாரிடமாவது பிறகு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். விளக்கு பிடிப்பவருக்குப் பதில் ஜன்னல் வெளிச்சம். நிற்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அங்கே ஒரு பாட்டிலை வைத்து, திரையை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பாட்டிலை எடுக்கச் சொன்னாள். நடுவில் அழைப்பு வந்து காட்சி கெடாமலிருக்க, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'ஏரோப்ளேன் மோட்' என்று எழுதினாள். இன்னொரு ஆள் தேவைப்படும் வரி எங்கே கண்ணில் பட்டாலும் பேனா தானாகப் போய் விழுந்தது.

திருத்திய பக்கங்களின் ஜெராக்ஸை வாங்கி, தையல்காரி மடித்துப் பைக்குள் வைத்தாள். வெயில் சாய்ந்ததும் மொட்டைமாடிக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணி சுமாருக்கு, தான் சிவப்பு மையால் திருத்திய பழைய பிரதியைக் குப்பையில் போடப்போன வெட்டுக்கிளி சும்மா ஒரு தரம் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், அவளே குறுக்கே அடித்த ஒரு வரி: 'கீழே ஒருவர் உட்கார்ந்து அவள் கால்களை இறுகப் பிடித்திருக்க வேண்டும், படத்தில் தெரியாது.' அதற்கு மேலிருந்த வரியை அவள் தொடவே இல்லை. 'கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நிற்கிறாள், பின்பக்கமாக ஒரு அடி வைக்கிறாள்.'

காலைப் பிடிக்கும் ஆளை எடுத்துவிட்டு, காட்சியை அப்படியே விட்டிருக்கிறாள். தையல்காரி குடியிருக்கும் கட்டடம் நாலு மாடி.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். அதே குரல். அப்போதுதான் உறைத்தது, போனை ஏரோப்ளேன் மோடில் வைக்கச் சொன்னதும் தன் கையெழுத்துதான் என்று.

முதலாளியிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. தெருவைக் கடந்தது மட்டும் தெரியும். அந்தக் கட்டடத்தை நெருங்கியதும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் தரையைத்தான் பார்த்தாள். கீழே கூட்டம் ஏதும் இல்லை. ஒரு சைக்கிள், ஈரத்துணி, சிமெண்ட் தரை. அதில் கொஞ்சம் உயிர் வந்து படியேறினாள். மூன்றாம் மாடியில் மூச்சு நின்றுவிடும்போலிருந்தது. கூப்பிடலாமென்றால் பயம்: சுவர்மேல் நிற்பவள் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டால்?

மாடிக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினாள். செங்கல்லில் சாய்ந்த போன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே சுவர் காலியாக இருந்தது.

ஒரு நிமிஷம் அவள் உலகம் அத்தோடு முடிந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. தையல்காரி முழங்கால் தோலுரிந்து உட்கார்ந்திருந்தாள். ஏறி நின்றாளாம், பின்னால் பாதத்தை வைத்ததும் குதிகாலுக்கடியில் ஒன்றுமில்லையாம். எப்படியோ உள்பக்கம் விழுந்திருக்கிறாள்.

"நீங்க எழுதிட்டா அது சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா."

வெட்டுக்கிளி அவள் கணுக்கால் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தையல்காரிதான் கடைசியில் "வலிக்குதுக்கா, விடுங்க" என்றாள்.

அந்தக் காட்சியை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மாடியின் நட்டநடுவில், தையல்காரி தரையிலேயே நின்றாள். போனைத் தரையோடு தரையாகச் சாய்த்து, முழங்காலுக்கு மேலே அவள் உடம்பும் வானமும் மட்டும் தெரியும்படி வைத்தார்கள். உயரத்தில் நிற்பதுபோலவே இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எப்படி அந்தச் சுவரில் ஏறினாய் என்று கேட்டார்களாம்.

வெட்டுக்கிளி அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. வானம் வரும் இடத்தில் எழுந்து போய்விடுவாள்.