அமத்திப் போட்ட போன்

தென்காசிக்காரன் முகம்மது யூசுப் ஒருநாளும் பொய் சொல்லாதவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் சொன்ன பொய்களையெல்லாம் ஊர் நம்பியது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவன் சொன்ன மிக முக்கியமான உண்மையைத்தான் கூடப்பிறந்தவளே நம்பவில்லை. இதை என்னவென்று சொல்வது?

இருபத்து மூன்று வயதில் தறியை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனவன். பாலைவனத்தில் வெயிலில் காய்கிறான் என்று ஊரில் நினைத்துக் கொண்டிருந்தார்கள். அவன் வேலை பார்த்ததோ உறைய வைத்த கோழியும் மீனும் அடுக்கும் கிடங்கில். உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. பதினான்கு வருஷம் மூக்கில் பனி கட்டிக் கட்டி, நாற்பது தொடும் முன்பே விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. அதை உம்மாவிடம் அவன் சொன்னதில்லை.

உம்மா ஹைருன் பீவிக்கு நெஞ்சு வலி வந்து தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தங்கை பர்சானா கூட இருந்தாள். மகன் குரலைக் கேட்கவேண்டும் என்று உம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடச் சொன்னாள். லீவு கிடைக்காத எரிச்சலில் இருந்த யூசுப் ஒரு மத்தியானம் வெடித்துவிட்டான்.

"வேலை நேரத்துல சும்மா சும்மா கூப்பிடாதீங்க உம்மா. இனி கூப்பிட்டா போனை அமத்திப் போட்ருவேன், பாத்துக்கோங்க!"

போனை அணைத்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் அவனுக்குத் தப்பு என்று பட்டது. மறுநாள் உம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான். கிடங்கில் எல்லோரும் போனை பனியனை ஒட்டி, கோட்டுக்கு உள்ளே வைப்பார்கள். அது வழக்கம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எடுக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்றி, மூன்று ஜிப்பைத் திறக்க வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகும்போது யூசுப் போனைக் கோட்டின் வெளிப்பையில் போட்டுக் கொண்டான். பாசம்தான் காரணம். அந்தப் பாசமே அவனைக் கவிழ்த்தது.

இரண்டு மணி நேரம் கழித்து போன் அதிர்ந்தது. பல்லால் கையுறையை இழுத்துப் போட்டுவிட்டு எடுத்தான். பர்சானா பெயர். மேலே சார்ஜ் நாற்பத்து மூன்று சதவீதம். விரலை இழுத்தான். திரை கறுத்தது. பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் உயிர் வரவில்லை. போன் வாங்கி மூன்று வருஷமாகிறது, சதவீதத்தைத் தப்பாகக் காட்டியிருக்கும், சார்ஜ் போய்விட்டது போல என்று நினைத்து, அதை உள்பையில் திணித்துக் கொண்டு வேலையைத் தொடர்ந்தான். லோடு முடியாமல் வெளியே விடமாட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து சும்மா பொத்தானை அமுக்கினான். போன் எழுந்தது. கூப்பிட்டபோது உம்மா இறந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"சார்ஜ் தீந்து போச்சுட்டி," என்று தங்கையிடம் அழுதான். ஐந்து நிமிஷத்தில் விமான டிக்கெட்டைத் திரையோடு படம் பிடித்து அனுப்பினான். அந்தப் படத்தின் மேல் மூலையில் நாற்பத்தொரு சதவீதம் என்று இருந்தது. பர்சானா அதைப் பார்த்தாள்.

மறுநாள் அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தங்கை வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்விதான்.

"சார்ஜ் தீந்த போன்ல அஞ்சு நிமிஷத்துல எப்படிண்ணே நாப்பத்தொண்ணு வந்துச்சு? மணி அடிச்சுது. கட் பண்ணுன. அப்புறம் சுவிட்ச் ஆஃப்னு சொல்லுது. முந்தின நாள் சொன்னதத்தான செஞ்ச?"

சார்ஜர் போட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பானோ என்னவோ. "சார்ஜ் போடல, தானா வந்துது" என்றான் அந்த அப்பாவி. அவள் உள்ளே போய்விட்டாள். நாற்பது நாள் பேசவில்லை.

உம்மாவுக்காக ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், போனை உடைக்கவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் முடியாமல், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆதித்தனிடம் போய் பேட்டரியை மாற்றச் சொன்னான். கதையைக் கேட்டதும் ஆதித்தன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"பாய், சார்ஜ் எங்கயும் போவல. உள்ளதான் கெடந்துருக்கு. குளிர்ல பேட்டரிக்குள்ள ஓட்டம் மந்தமாயிரும். மெதுவா கேட்டா கொஞ்சம் குடுக்கும். போன் வந்து திரை, சிக்னல், சத்தம்னு ஒரே நேரத்துல நெறைய கேக்கும்லா? அப்ப வோல்டேஜ் சட்டுனு விழுந்துரும். போன் பயந்துபோய் தன்னைத்தானே அணைச்சுக்கிடும். பழைய பேட்டரின்னா இன்னும் சீக்கிரம். ஒடம்புச் சூடு பட்டதும் வோல்டேஜ் ஏறிரும், மிச்சம் இருந்த சார்ஜையும் காட்டும். ஒண்ணு மட்டும், குளிர்ந்த மேனிக்கு சார்ஜர் போட்றாதீங்க. அதுதான் பேட்டரிய நெசமாவே கெடுக்கும்."

யூசுப்புக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேட்டரியை மாற்றாமலே போனை வாங்கிக் கொண்டு நேரே குற்றாலத்துக்குப் பஸ் ஏறினான். பர்சானாவும் அவள் புருஷன் முஃபீதும் அங்கேதான் டீயும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை வைத்திருந்தார்கள்.

சாரல் விழுந்து கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கேட்பாரில்லை. யூசுப் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி, ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்தான். பர்சானா முகத்தைத் திருப்பிக் கொண்டு கிளாஸ் கழுவினாள்.

"என்ன மச்சான் கோட்டி பிடிச்சிட்டா?" என்றான் முஃபீத், பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து.

அரை மணி கழித்து எடுத்தால் நாற்பத்தாறிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. அணையவில்லை. யூசுப்புக்கு உயிரே போய்விட்டது. திரும்பவும் உள்ளே வைத்து, இன்னும் முக்கால் மணி நேரம் பெட்டி மேலேயே கையை ஊன்றி நின்றான்.

வெளியே எடுத்ததும், "கூப்பிடுட்டி," என்றான். "ஒரே ஒரு தடவ. உம்மா மேல சொல்லுதேன், கூப்பிடு."

அவள் கையைத் துடைத்துக் கொண்டு கூப்பிட்டாள். மணி அடித்தது. அவள் கண் முன்னாலேயே கவருக்கு மேலே விரலை இழுத்தான். திரை கறுத்தது. மறுபடி கூப்பிட்டாள். அவள் போனில் ஒரு பெண்குரல், நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்றது. அன்று ஆஸ்பத்திரியில் வேறொரு பாஷையில் கேட்ட அதே சேதி.

யூசுப் கவரோடு போனைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக் கொண்டான். குளிர் உடம்பைத் துளைத்தது. வெகுநேரம் கழித்துப் பொத்தானை அமுக்கி அவள் முன்னால் நீட்டினான். முப்பத்தொன்பது சதவீதம்.

பர்சானா அதையே பார்த்துக் கொண்டிருந்தாள். அவன் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உம்மா கேட்டாண்ணே," என்றாள். "'என்னட்டி, எடுத்தானா'ன்னு. லைன் கெடைக்கலன்னு சொல்லியிருக்கலாம். ஒன் மேல உள்ள கோவத்துல, 'ஒம்ம மவன் போனை அமத்திப் போட்டுட்டான்'னு சொல்லிட்டேன்."

யூசுப் நீட்டிய போனைக் கீழே இறக்கினான்.

"'கோவத்துல சொல்லுதான்னு நெனச்சேன், செஞ்சே போட்டானே'ன்னா. அம்புட்டுதான். அதுக்குப் பொறவு வாயத் தொறக்கல. ஒன் மொகத்துக்கு நேரா இத என்னைக்காவது சொல்லணும்னு நாப்பது நாளா வச்சிருந்தேன். இன்னைக்கு இத நான் யாருட்ட போய்ச் சொல்ல?"

தங்கை தன்னை நம்பவேண்டும், அது போதும் என்றுதான் அவன் வந்தான். அவள் நம்பிவிட்டாள். இதுவரை கோபத்தில் முகம் பார்க்காதவள், அதன்பிறகு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போனாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் அவன். உம்மா காதுக்குக் கொண்டு சேர்த்தவள் அவள். உம்மாவிடம் போய் இல்லையென்று சொல்ல இனி இரண்டு பேராலும் முடியாது.

அவன் கையில் போன் அதிர்ந்தது. கிடங்கிலிருந்து மேஸ்திரி. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து, முதன்முறையாகத் தன் கையாலேயே போனை அமத்தினான்.