எந்த ஆறாம் தீர்மானம்?

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுச் சண்டையைவிட, அந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது என்பதில்தான் எனக்கு ருசி. அதனால்தான், பெங்களூர் வைட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கத்துக்குச் செகரட்டரியாக யாரும் முன்வராதபோது, கையைத் தூக்கிவிட்டேன். பழைய செகரட்டரிக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருந்தது. சாவி, முத்திரை, கூட்டக் குறிப்புகள் அடங்கிய மினிட்ஸ் கோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, "பெரிசா வேலை ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை இன்று பார்த்தாலும் இரண்டு வார்த்தை கேட்பேன்.

பதவிக்கு வந்த அதே வாரம் கேட்டில் ஒரு தகராறு. சி பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். லிப்ட்டில் கீழே வந்துவிடுவார். ஆனால் பிளாக் வாசலில் படிகள். காலையில் பள்ளிக்குப் போகும்போது ஒரு செக்யூரிட்டியைக் கூப்பிட வேண்டும், மாலையில் இன்னொருவரை. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டிக்கொள்ளச் சங்கம் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. மழைக்காலம், அவருக்கு நடந்த ஆபரேஷன், கான்ட்ராக்டர் காணாமல் போனது என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு வழியாக ஜனவரியில் ஜல்லியும் மணலும் வந்தன. லாரியை எங்கள் மேனேஜர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் போய்க் கேட்டேன்.

"மேடம், அவங்க பர்மிஷன் லெட்டர்ல 'தீர்மானம் ஆறின்படி'ன்னு போட்டிருக்கு. டிசம்பர் மினிட்ஸ்ல 'தீர்மானம் ஆறு ரத்து'ன்னு இருக்கு. நான் என்ன மாடோது?" என்றார் மேனேஜர். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கடைசி வார்த்தை கன்னடத்துக்குத் தாவிவிடும்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு மனுஷியின் வாசலை யார், எதற்கு ரத்து செய்தார்கள்? டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ரத்து பண்றவங்க, ஏன்னு ஒரு வார்த்தை எழுதி இருக்கலாம் இல்லீங்களா? நான் யாரையும் தொந்தரவு பண்ணலையே."

"நான் இன்னும் கோப்பையே பாக்கலைங்க. பாத்துட்டு வர்றேன்."

"பாருங்க. எனக்குக் கருணை எல்லாம் வேணாம். தெனமும் காலையில ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு 'அண்ணா, கொஞ்சம் வாங்க'ன்னு சொல்றது நிக்கணும், அவ்வளவுதான். ஸ்டூடண்ட்ஸ் பஸ்ஸில இருந்து பாக்கறாங்க."

அன்று மாலையே கோப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய் ஆச்சரியம் வந்தது. எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தீர்மானங்களை ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு ஆறு. ஜூனில் ஒரு ஆறு, அதுதான் டீச்சரின் சாய்தளம். நடுவில் கமிட்டி மாறியது. அக்டோபரில் புதுக் கமிட்டிக்கு ஒரு ஆறு: கிளப் ஹவுஸை நடன வகுப்புக்கு வாடகைக்கு விடுவது. சத்தம் தாங்கவில்லை என்று புகார்கள் குவிந்து, டிசம்பரில் "தீர்மானம் ஆறு ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதிவிட்டார்கள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் எந்த ஆறு என்று தெரிந்திருக்கும். அறையில் இல்லாத மேனேஜருக்கு எப்படித் தெரியும்? அவர் கோப்பை முதலிலிருந்து புரட்டி, கடிதத்தோடு பொருந்திய ஆறைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் தப்பே சொல்ல முடியாது.

நான் சாப்ட்வேர் சோதிக்கிற வேலையில் இருப்பவள். எங்கள் ஆபீஸில் இரண்டு கோளாறுகளுக்கு ஒரே எண் கொடுத்தால், அன்றைக்கே சிரித்து மானத்தை வாங்கிவிடுவார்கள். லட்சக்கணக்கில் பணம் போட்டு வீடு வாங்கியவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் யாருக்கும் இது உறைக்கவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சரி, எண்ணை மாற்றி எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசனை. கையெழுத்தான மினிட்ஸில் இன்று நான் ஓர் எண்ணைத் திருத்தினால், நாளைக்கு இன்னொருவர் ஒரு வரியைத் திருத்துவார். தவிர, ஆறு என்று சொல்லிப் போன கடிதங்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கின்றன. அவற்றை யார் திருத்துவது? பேனாவை மூடி வைத்தேன். பழைய பக்கங்களைத் தொடாமல், பக்கத்தில் ஓர் அட்டவணை தயாரித்தேன். எங்கள் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, தணிக்கையும் அந்தக் கணக்கில்தான். ஆகவே அந்த நிதியாண்டில் நிறைவேறிய எல்லாத் தீர்மானங்களையும் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் எங்கும் ஒன்றுக்குத் திரும்பாமல் தொடர் எண் கொடுத்தேன். எண்ணோடு ஆண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டத்தில், அது எந்தக் கூட்டத்தில் எத்தனையாவதாக எழுதப்பட்டது என்ற பழைய அடையாளம். டீச்சரின் சாய்தளம் 14/2024-25 ஆனது. நடன வகுப்பு 27. டிசம்பர் ரத்து 33. இப்போது யாரும் தடுமாற வேண்டியதில்லை.

ஆனால் என் அட்டவணை என் சொந்தச் சரக்கு. கமிட்டி ஏற்றால்தான் அதற்கு மதிப்பு. மார்ச் கடைசியில்தான் கூட்டம் கூடியது. ஒன்பது பேர் கமிட்டியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் வந்தோம். எங்கள் விதிப்படி கூட்டம் நடக்கக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். முதலில் அட்டவணையை ஏற்றார்கள். அதை ஏற்கும் தீர்மானத்துக்கும் ஓர் எண் வேண்டுமே என்று பிரசிடென்ட் சிரித்தார். 40 என்று கொடுத்து, அட்டவணையின் கடைசி வரியில் அதையே சேர்த்தேன். அடுத்தது, 33 ரத்து செய்தது 27-ஐ மட்டுமே, 14 அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று தெளிவுபடுத்தும் தீர்மானம். வாசிக்கத் தொடங்கினேன்.

சி பிளாக் தரைத்தளத்துக்காரர் ஒருவர் கமிட்டியில் இருந்தார். சாய்தளம் வந்தால் அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே வரும்.

"என்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும். ரத்து ஆனது ஆனதுதான். நம்பர் வெளாட்டு எல்லாம் எங்கிட்ட வேணாம்," என்று எழுந்தார்.

"உக்காருங்க சார், வோட்டு போட்டு எதிர்த்துக்கோங்க," என்றார் பிரசிடென்ட்.

அவர் உட்காரவில்லை. போய்விட்டார். நால்வர் மிஞ்சினோம். கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது, அதாவது ஏப்ரலுக்கு.

ஏப்ரலில் கூடியபோது ஏழு பேர் வந்தார்கள். தீர்மானம் எளிதாக நிறைவேறியது. பிரசிடென்ட் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அதே கூட்டத்தோட தொடர்ச்சிதானேம்மா. மார்ச் தேதியே போட்டு நாப்பத்தொண்ணுன்னு குடுத்துடுங்க. அந்த வருஷத்து விஷயம் அந்த வருஷத்துலயே முடியட்டும்."

எனக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன், 41 என்று ஏற்கெனவே தட்டச்சு செய்தும் வைத்திருந்தேன். அட்டவணை அழகாக முடிந்திருக்கும். சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போய், பாஸ் ஆகிவிட்டது என்று சொன்னேன். தேதி விஷயத்தையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. "நீங்க பாஸ் பண்ணது எப்போ?"

"இன்னிக்கு."

"அப்ப இன்னிக்குன்னே எழுதுங்க. மார்ச்ல நாலு பேர்தான் இருந்தாங்கன்னு அந்தக் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியும். நீங்க மார்ச்சுன்னு போட்டா, அவரு அந்த ஒரு தேதிய வெச்சே மொத்தத்தயும் ஒடைச்சிடுவாரு. கான்ட்ராக்டர மறுபடி திருப்பி அனுப்பினா என்னால தாங்க முடியாதுங்க."

எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது. அட்டவணையின் அழகைப் பார்த்துக்கொண்டு, அது எதற்காக என்பதை மறந்திருந்தேன். அன்றே புதிய ஆண்டுக்குப் புதிய தாள் எடுத்தேன். கூட்டம் பழையதன் தொடர்ச்சி என்று மினிட்ஸில் எழுதினேன். தீர்மானத்துக்கு மட்டும் அது நிறைவேறிய நாளின் தேதி, அந்த நாள் விழும் ஆண்டின் எண்: 1/2025-26. புது அனுமதிக் கடிதத்தில் அந்த எண்ணையும், அதற்குப் பக்கத்தில் 14/2024-25 என்பதையும் போட்டு மேனேஜருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவர் இரண்டு எண்களையும் அட்டவணையில் தேடிப் பார்த்துவிட்டு, "இது ஓகே மேடம், கரெக்ட்டா இருக்கு" என்றார். லாரி உள்ளே வந்தது.

சாய்தளம் கட்டி முடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தரைத்தளத்துக்காரர் கையெழுத்து வேட்டை நடத்தி, சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்டு மனு கொடுத்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "1/2025-26 மற்றும் 14/2024-25 தீர்மானங்களை ரத்து செய்து, சாய்தளத்தை இடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். நம்பர் வெளாட்டு வேண்டாம் என்றவர், ஓர் இலக்கம்கூடத் தவறாமல் எழுதியிருந்தார். எதிரிக்கும் சேர்த்துத்தான் நான் வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. இந்த முறை நிஜமாகவே ரத்தாகலாம். அதில் எந்தக் குழப்பமும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் கூட்டம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. டீச்சர் தனியாக உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வந்த முதல் கூட்டம் அது. முன்பெல்லாம் எழுதித்தான் அனுப்புவார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டார். பேசச் சொன்னபோது, "நான் பேச வரலைங்க, வோட்டு போட வந்தேன்" என்றார்.

பிரசிடென்ட் மனுவை வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தவர்களிலேயே சிலர், டீச்சரைப் பார்த்துவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் அறை முழுக்கக் கைகள். முதலில் எழுந்தது டீச்சருடையது.

எல்லோரும் காபிக்குக் கலைந்த பிறகு அவர் என் மேஜைக்கு வந்தார்.

"இவரு கொண்டு வந்ததுக்கு என்ன நம்பர் குடுப்பீங்க?"

"நம்பர் கிடையாதுங்க. நிறைவேறினதுக்குத்தான் நம்பர். இது மினிட்ஸ்ல ஒரு வரி, தோத்துப்போச்சுன்னு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யாரையும் கூப்பிடாமல் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.