குழுவில் ஒரே ஒருத்தி

பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை தேறியவள் என் தங்கை. யாரோ கழித்துப்போட்ட கணினியில் வலைத்தளம் அமைக்கக் கற்றாள். பட்டம் இல்லையென்று கம்பெனிகள் கதவைச் சாத்தியதும் வீட்டிலேயே தொழில் தொடங்கினாள். என் தையல் மெஷினுக்கும் அவள் மேசைக்கும் நடுவே ஒரு திரைதான்.

இத்தனையும் ஜெயித்தவளுக்கு ஒரு கூச்சம் மட்டும் போகவில்லை. தனி ஆள் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று, மின்னஞ்சல்களின் அடியில் 'வடிவமைப்புக் குழு' என்றே போடுவாள்.

அதுவே வினையானது. ஒரு மரச்சாமான் கடைக்காரருக்குப் பத்துப் பக்க வலைத்தளம், இரண்டு தடவை திருத்தம் என்று ஒப்பந்தம். பாதிப் பணம் முன்பணம். முகப்பு முடிந்ததும் "அப்படியே ஆன்லைன் விற்பனையும் சேர்த்துடுங்க" என்றார். சேர்த்தாள், பழைய விலைக்கே. அப்புறம் கிளைகளுக்குத் தனிப் பக்கம். அப்புறம் முகப்பே வேறு மாதிரி. கூடுதல் விலை கேட்டால் போனில் சிரிப்பார்.

"அட, உங்க டீம்ல ஒருத்தர்கிட்ட குடுங்கம்மா. அரை நாள் வேலை!"

"டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"டீம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்குடி" என்பேன். சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவள் முகம் சிறுத்துவிடும்.

ஒருநாள் அவர், "உங்க ஆபீசுக்கே வரேன், டீமோட உட்கார்ந்து பேசிடலாம்" என்றார். அன்று அவள் சிரிக்கவில்லை.

"விலகிடலாம்க்கா. முதல்ல கணக்கைத் தீர்த்துடறேன்."

ஏழு பக்கம் முடிந்திருந்தது. முன்பணம் போக மீதி இரண்டு பக்கத்துக்கு மட்டும் பில் அனுப்பினாள். விற்பனைப் பகுதிக்குக் கேட்கவில்லை; எழுத்தில் வாங்காமல் செய்ததற்குக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பணம் வந்த மறுநாள் மின்னஞ்சல் எழுதினாள்.

"ஐயா, தங்கள் தொகை கிடைத்தது, நன்றி. இருபுறமும் பாக்கி இல்லை. ஒப்புக்கொண்ட வேலையின் அளவு தொடர்ந்து மாறிவருவதால், இத்துடன் இந்தப் பணியிலிருந்து விலகுகிறேன். முடித்த பக்கங்களின் கோப்புகளும் கடவுச்சொற்களும் இணைப்பில் உள்ளன. அடுத்து வருபவருக்குச் சந்தேகம் இருந்தால் இந்த மாத இறுதிவரை பதில் தருவேன். புதிய வேலை எதையும் ஏற்க இயலாது. தங்கள் கடை செழிக்கட்டும்."

அடியில் வழக்கம்போல் 'வடிவமைப்பு' வரை தட்டியவள் நிறுத்திவிட்டாள். காது மடல் சிவந்திருந்தது.

"போகும்போதும் பொய்யாக்கா?"

"தெரிஞ்சா நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பாரேடி. அடுத்த வேலை எப்படி வரும்?"

"சிரிக்கட்டும். இனிமே டீமைக் காட்டுன்னு யாரும் கேக்கமாட்டாங்கல்ல."

ஒரு வரி சேர்த்தாள்: "குழு என்று எழுதிவந்தது என் தவறு. தொடக்கம் முதல் நான் ஒருத்திதான். வருந்துகிறேன்." அனுப்பும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

கீழே பாதியில் நின்ற 'வடிவமைப்பு' என்பதை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். தொழிலில் அவள் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்டது 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.